பிள்ளையின் நாடி எவ்வளவு வரை ஏறலாம்? பெற்றோர் கூட்டத்தில் பேசப்போகும் புதிய பி.இ.டி. ஆசிரியருக்கு

குறுவட்டப் போட்டிக்கான பயிற்சி தொடங்கும் முன் நடக்கும் பெற்றோர் கூட்டத்தில் உடற்கல்வி ஆசிரியருக்கு ஐந்து, பத்து நிமிடம் கொடுப்பார்கள். அந்த நேரத்தில் இப்போது அடிக்கடி வரும் கேள்வி நாடித்துடிப்பைப் பற்றியது. கையில் ஸ்மார்ட் வாட்ச் கட்டிய பிள்ளை மைதானத்தை இரண்டு சுற்று சுற்றியதும் திரையில் 192 என்று சிவப்பாக வருகிறது. அதைப் பார்த்த அப்பா மறுநாள் பள்ளி வாசலில் நிற்கிறார். அந்தக் கேள்விக்கான பதிலை ஏழெட்டு நிமிடத்தில் எப்படிச் சொல்வது, அதற்கு முன் என்ன தயார் செய்துகொள்வது என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

பேச்சில் மூன்று விஷயங்கள் போதும். பயிற்சி ஓட்டத்தில் நாடி எந்த அளவுக்குள் இருக்க வேண்டும், ஓடி நின்ற பிறகு எவ்வளவு சீக்கிரம் இறங்க வேண்டும், எண் எதுவாக இருந்தாலும் எந்த அறிகுறி வந்தால் நிறுத்த வேண்டும். நாலாவதாக ஒன்றைச் சேர்த்தால் முதல் மூன்றும் மறந்துபோகும். சத்துணவு, தூக்கம், செல்போன் எல்லாம் வேறொரு கூட்டத்துக்கு.

முதலில் உங்களுக்குத் தெளிவாக வேண்டியது

பெற்றோரின் பயம் எங்கிருந்து வருகிறது என்று புரிந்தால்தான் பேச்சு நேராகப் போகும். 45 வயது அப்பாவுக்கு உச்ச நாடி ஏறத்தாழ 175. டிரெட்மில் பரிசோதனைக்குப் போய் வந்தவராக இருந்தால் 150-ஐத் தாண்டியதும் மருத்துவர் கவனமாகப் பார்த்தது அவருக்கு நினைவிருக்கும். அந்த அளவுகோலை வைத்துத்தான் அவர் தன் மகளின் 192-ஐப் பார்க்கிறார். ஆனால் பிள்ளையின் இதயம் சிறியது. ஒரு துடிப்புக்கு அது தள்ளும் ரத்தம் பெரியவரைவிடக் குறைவு. ஓடும் தசைகளுக்குத் தேவையான ரத்தத்தை அனுப்ப அது அதிக முறை துடித்தாக வேண்டும். அதனால் ஆரோக்கியமான பள்ளிப் பிள்ளை முழு மூச்சாக ஓடும்போது நாடி 190, 200 என்று போவது இயல்பு.

அடுத்து, 220-இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு. உடற்பயிற்சிக் கூடச் சுவரில் தொங்கும் அட்டையிலும் பல வாட்ச்சுகளின் உள்ளேயும் இருப்பது இதுதான். பெரியவர்களை வைத்து உருவான கணக்கு இது. பிள்ளைகளுக்குப் பொருந்தாது, காரணம் எளிது: எட்டு வயதிலிருந்து பதினாறு வயதுவரை உச்ச நாடி வயதோடு பெரிதாக மாறுவதில்லை. சராசரியாக 195-க்கும் 205-க்கும் நடுவே நிற்கிறது. கழித்தல் கணக்கோ எட்டு வயதுக்கு 212 என்கிறது. அந்த 212-இல் இத்தனை சதவீதம் என்று இலக்கு வைத்தால் சின்னப் பிள்ளையை அளவுக்கு மேல் விரட்டுவீர்கள். 208-இலிருந்து வயதின் 0.7 பங்கைக் கழிக்கும் இன்னொரு கணக்கு இதைவிடப் பரவாயில்லை. 12 வயதுக்கு அது கிட்டத்தட்ட 200 தரும். மைதானத்தில் எல்லாருக்கும் 200 என்று வைத்துக்கொள்வது போதும், கால்குலேட்டர் வேண்டாம்.

இந்த 200 சராசரிதான். ஒரே வகுப்பில் ஒரு பையனின் உச்சம் 187 ஆகவும் பக்கத்தில் நிற்பவனின் உச்சம் 212 ஆகவும் இருக்கலாம். இருவரும் ஆரோக்கியமானவர்களே. ஆகவே ‘இந்த எண்ணைத் தாண்டினால் ஆபத்து’ என்று ஒரு கோட்டை மேடையில் போட்டுவிடாதீர்கள். போட்டால் 212 பையனின் அம்மா வீணாகப் பயப்படுவார். 187 பையனின் அப்பா வீணாகத் தைரியமாக இருப்பார். இரண்டாவதுதான் மோசம்.

எண்ணும் முறை

கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே வகுப்புப் பிள்ளைகளுக்கு நாடி எண்ணப் பழக்குங்கள். மணிக்கட்டில் கட்டைவிரலின் அடிப்பக்கம், எலும்புக்கு உட்புறமாக, ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வைக்க வேண்டும். கட்டைவிரலால் பிடிக்கக் கூடாது, அதற்கே ஒரு துடிப்பு உண்டு. ஓடி வந்ததும் மணிக்கட்டில் கிடைக்காவிட்டால் கழுத்தில், குரல்வளைக்குப் பக்கவாட்டில், ஒரு பக்கம் மட்டும் மெதுவாகத் தொட்டுப் பார்க்கலாம். இரண்டு பக்கமும் சேர்த்து அழுத்தினால் மயக்கம் வரும்.

ஓடி நின்ற ஐந்து நொடிக்குள் எண்ணத் தொடங்கி, பத்து நொடி மட்டும் எண்ணி, ஆறால் பெருக்க வேண்டும். முழு நிமிடம் எண்ணினால் துல்லியம் கூடும் என்று தோன்றும், நடப்பது தலைகீழ். நின்ற கணத்திலிருந்தே பிள்ளைகளின் நாடி பெரியவர்களுடையதைவிட வேகமாக இறங்கும். ஒரு நிமிடம் எண்ணி முடிப்பதற்குள் பாதி இறங்கிவிட்ட நாடியையும் சேர்த்து எண்ணியிருப்பீர்கள். பத்து நொடிக் கணக்கிலும் ஒரு குறை உண்டு. ஒரு துடிப்பு தவறினால் ஆறு கூடும் அல்லது குறையும். 168, 174 என்ற வித்தியாசத்துக்கெல்லாம் அர்த்தம் தேட வேண்டாம்.

ஓய்வு நாடி மட்டும் இதற்கு நேர்மாறு. காலையில் விழித்ததும், படுக்கையிலிருந்து எழும் முன், முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். மூன்று நாள் எண்ணிச் சராசரி எடுத்தால் நம்பலாம். இதைப் பெற்றோர்தான் செய்ய முடியும் என்பதால் கூட்டத்தில் கொடுக்க ஒரு சிறு சீட்டு அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள். பெயர், மூன்று நாள் ஓய்வு நாடி, தினமும் எடுக்கும் மருந்து, கீழே நான்கு ஆம்-இல்லை கேள்விகள்: ஓடும்போது மயங்கியதுண்டா, ஓடும்போது நெஞ்சு வலித்ததுண்டா, இதயக் கோளாறு இருப்பதாக யாராவது மருத்துவர் சொன்னதுண்டா, குடும்பத்தில் ஐம்பது வயதுக்கு முன் திடீரென இறந்தவர் உண்டா. இதில் ஒன்றுக்கு ‘ஆம்’ வந்தாலும், மருத்துவரின் எழுத்து வரும்வரை அந்தப் பிள்ளை ஓட வேண்டாம். இந்தச் சீட்டு உங்கள் முழுப் பேச்சையும்விட மதிப்புள்ளது. பேச்சே இந்தச் சீட்டை நிரப்ப வைக்கத்தான் என்றுகூடச் சொல்லலாம்.

ஒரு பிள்ளையின் கணக்கு

மேடையில் எல்லாக் கணக்கையும் சொல்ல வேண்டாம், ஆனால் யாராவது கேட்டால் போட்டுக் காட்டத் தெரிய வேண்டும். ஏழாம் வகுப்பு மாணவி, வயது 12, மூன்று நாள் ஓய்வு நாடி 84, 80, 82 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 82. உச்சம் 200. இரண்டுக்கும் இடைவெளி 118. சீரான ஓட்டப் பயிற்சிக்கு இந்த இடைவெளியில் பாதியிலிருந்து முக்கால்வரை எடுத்து ஓய்வு நாடியோடு கூட்ட வேண்டும். பாதி 59, கூட்டினால் 141. முக்கால் 88, கூட்டினால் 170. பத்து நொடிக்கு மாற்றினால் 24 முதல் 28 துடிப்பு. அந்த மாணவி மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது இந்த இரண்டு எண்ணைத்தான். ஓய்வு நாடி கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இதே 24, 28 ஒட்டியே வரும். ஆகவே கூட்டத்தில் எல்லாருக்குமாக 140 முதல் 170 என்று சொன்னால் தவறில்லை.

முதல் நாள் எட்டு நிமிட மெதுவோட்டத்தில் நான்காவது நிமிடம் நிறுத்தி எண்ணுகிறார், 31 வருகிறது. அதாவது 186. இது ஆபத்து அல்ல, வேகம் அதிகம் என்பது மட்டுமே இதன் பொருள். பெரும்பாலும் முன்னால் ஓடும் தோழியைப் பிடிக்கப் போயிருப்பார். பக்கத்தில் ஓடுபவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற அளவுக்கு வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை 27 வரும். ஓட்டம் முடிந்து நடக்கிறார், இரண்டாம் நிமிடம் 22, ஐந்தாம் நிமிடம் 18. ஐந்து நிமிடத்தில் 20-க்குக் கீழே, அதாவது 120-க்குக் கீழே வந்துவிட்டது. நல்ல இறக்கம்.

இன்னொரு நாள் பிற்பகல் மூன்று மணி வெயில். அதே மாணவி, அதே வேகம், ஆனால் 31. ஐந்து நிமிடம் கழித்தும் 23, அதாவது 138. வேகம் கூடவில்லை, நாடி கூடியிருக்கிறது, இறங்கவும் மறுக்கிறது. உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்கும் ரத்தம் அனுப்ப வேண்டியிருப்பதால் வெயிலில் இதயத்துக்கு இரட்டை வேலை. வியர்வையில் நீர் குறைந்திருந்தால் சுமை இன்னும் கூடும். அன்றைக்குப் பயிற்சி அதோடு முடிந்தது. நிழல், தண்ணீர், பிறகு மூன்று கேள்வி: காலையில் சாப்பிட்டாயா, நேற்றுத் தூங்கினாயா, உடம்பு சுடுகிறதா. இதற்கெல்லாம் காரணம் கிடைக்காமல், நிழலிலும் தொடர்ந்து பல நாள் நாடி இறங்க நேரமெடுத்தால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். வளரிளம் பெண்களில் ரத்தசோகை மிகுதி. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு அது இருந்தது. ரத்தசோகை உள்ள பிள்ளைக்கு நாடி சீக்கிரம் ஏறும், மெதுவாக இறங்கும்.

பேச்சு

கீழே உள்ளதை அப்படியே படிக்க வேண்டாம். உங்கள் ஊர்ப் பேச்சுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இடையில் ஒரு செயல்விளக்கம் இருக்கிறது. அதற்கு நன்றாக நாடி எண்ணத் தெரிந்த ஒரு மாணவனையோ மாணவியையோ வீட்டில் சொல்லி, சம்மதம் வாங்கி, முன்வரிசையில் உட்கார வையுங்கள். சீட்டில் எதற்கும் ‘ஆம்’ இல்லாத பிள்ளையாக இருக்கட்டும்.

“எல்லாருக்கும் வணக்கம். திங்கட்கிழமையிலிருந்து பிள்ளைங்களுக்கு ஓட்டப் பயிற்சி ஆரம்பிக்கிறோம். அதுல நாடித்துடிப்பு எவ்வளவு வரைக்கும் போகலாம்னு சில பேர் கேட்டிருந்தீங்க. அதை மட்டும் சொல்லிட்டு உட்கார்ந்துடறேன்.

முதல்ல நீங்க எல்லாரும் உங்க மணிக்கட்டுல ரெண்டு விரலை வைங்க. கட்டைவிரல் வேண்டாம். நான் ஆரம்பின்னு சொன்னதும் எண்ணுங்க, பத்து செகண்ட்ல நிறுத்தச் சொல்றேன். வந்ததை ஆறால பெருக்குங்க. எழுபது, எண்பதுன்னு வந்திருக்கும். இப்ப இந்தத் தம்பி ஒரு நிமிஷம் நின்ன இடத்துலயே வேகமா ஓடுவான். தம்பி, எவ்வளவு? இருபத்தஞ்சா? அப்ப நூத்தி அம்பது. பாருங்க, சிரிச்சுக்கிட்டு நிக்கிறான். அவன் நடக்கட்டும், கொஞ்ச நேரம் கழிச்சுத் திரும்பக் கேட்போம்.

பிள்ளைங்களோட இதயம் சின்னது. ஒரு துடிப்புக்குக் கொஞ்சமாத்தான் ரத்தம் தள்ளும். அதனால நம்மைவிட வேகமாத் துடிக்கும். முழு மூச்சா ஓடற பிள்ளைக்கு நூத்தித் தொண்ணூறு, எரநூறு வரைக்கும் போறது சகஜம். வாட்ச்சுல சிவப்பா வந்தா உடனே பயப்படாதீங்க. அந்த வாட்ச் பெரியவங்க கணக்கை வெச்சு ஓடுது.

ஆனா எரநூறுலயே நாங்க விரட்டிக்கிட்டு இருக்க மாட்டோம். தொடர்ந்து ஓடற பயிற்சியில நூத்தி நாற்பதுலேர்ந்து நூத்தி எழுபதுக்குள்ள வெச்சிருப்போம். பத்து செகண்டுக்கு இருபத்தி நாலுலேர்ந்து இருபத்தி எட்டு. அந்த வேகத்துல பிள்ளையால பக்கத்துல ஓடறவங்ககிட்ட பேச முடியும். பேச முடியலைன்னா வேகத்தைக் குறைப்போம். அதுக்கு மேல போற ஓட்டம் எல்லாம் சின்னச் சின்னதா, நடுவுல ஓய்வு கொடுத்துத்தான் இருக்கும்.

ரெண்டாவது, ஏறுறதைவிட இறங்குறதைப் பாருங்க. ஓடி நின்னு அஞ்சு நிமிஷத்துல நூத்தி இருபதுக்குக் கீழ வந்துடணும். வரலைன்னா அன்னைக்குப் பயிற்சி கிடையாது. தம்பி, இப்ப எண்ணு. பதினேழா? நூத்தி ரெண்டு. இறங்கிடுச்சு.

மூணாவது, இதுதான் முக்கியம். ஓடிக்கிட்டு இருக்கும்போதே மயக்கம், ஓடும்போது நெஞ்சு வலி, சும்மா உட்கார்ந்திருக்கும்போது சுவிட்ச் போட்ட மாதிரி திடீர்னு படபடன்னு துடிச்சு, அதே மாதிரி திடீர்னு நிக்கிறது. இந்த மூணுல எது வந்தாலும் எண்ணைப் பார்க்காதீங்க. நாடி நூத்தி இருபதா இருந்தாலும் சரி, டாக்டர் பார்க்கிற வரைக்கும் ஓட வேண்டாம். எங்ககிட்டயும் சொல்லுங்க. சொன்னா டீம்லேர்ந்து எடுத்துடுவாங்கன்னு பிள்ளைங்க மறைப்பாங்க. வீட்டுல நீங்க கேட்டாத்தான் தெரியும்.

காய்ச்சல் அன்னைக்குப் பிள்ளையை ஓட அனுப்பாதீங்க. போட்டி நாளா இருந்தாலும் வேண்டாம். காய்ச்சலோட ஓடினா இதயத் தசையில வீக்கம் வர்ற ஆபத்து இருக்கு.

கடைசியா இந்தச் சீட்டு. மூணு நாள் காலையில, எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி, ஒரு நிமிஷம் முழுசா எண்ணி எழுதுங்க. கீழ இருக்கிற நாலு கேள்விக்கும் மறைக்காம பதில் போடுங்க. சீட்டு வராத பிள்ளை திங்கட்கிழமை கோடு போடுற வேலையில எனக்கு உதவியா இருக்கும், ஓட விட மாட்டேன்.”

கடைசி வரியில் சிரிப்பார்கள். ஆனால் அதை நிஜமாகவே கடைப்பிடிக்க வேண்டும். ஒரே ஒரு பிள்ளைக்கு விலக்குக் கொடுத்தால் மீதிச் சீட்டுகள் வராது.

மேடையில் எங்கே சறுக்கும்

செயல்விளக்கத்தில் பையன் பதற்றத்தில் தவறாக எண்ணி 12 என்று சொல்லிவிடலாம். அவனைத் திருத்த நேரம் வீணாக்காமல் நீங்களே கழுத்தில் தொட்டு எண்ணிவிடுங்கள். அதனால்தான் கையில் நொடி முள் உள்ள கடிகாரம் இருக்க வேண்டும். செல்போன் திரை நடுவில் அணைந்துவிடும். ஐந்து நிமிட இறக்கத்தைக் காட்டப் பேச்சின் நடுவில் போதிய இடைவெளி வேண்டும். மேலே உள்ளதைவிடச் சுருக்கிப் பேசினால் மூன்றாம் நிமிடத்திலேயே கேட்க வேண்டியிருக்கும். அப்போது 120-க்கு மேல் வந்தால், ஐந்து நிமிடம் இன்னும் ஆகவில்லை என்று சொல்லிவிட்டு, பேச்சு முடிந்ததும் எல்லார் முன்னாலும் மறுபடி எண்ணுங்கள்.

ஓடிய மாணவனை உடனே உட்காரவும் விடாதீர்கள். திடீரென நின்றால் ரத்தம் கால்களில் தேங்கித் தலை சுற்றும். பயிற்சியிலும் இதே விதிதான்: எண்ணும் பத்து நொடி தவிர, இரண்டு மூன்று நிமிடம் நடந்துகொண்டே இருக்க வேண்டும். ஓடி முடித்து நின்ற பிறகு வரும் இந்தத் தலைசுற்றல் வேறு, ஓட்டத்தின் நடுவே சுருண்டு விழுவது வேறு என்பதைப் பெற்றோர் கேட்டால் பிரித்துச் சொல்லுங்கள். முதலாவது பெரும்பாலும் படுக்க வைத்துக் காலை உயர்த்தினால் சரியாகிவிடும். இரண்டாவதில் கூப்பிட்டும் பதில் இல்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால் நாடி தேடி நேரம் போக்கக் கூடாது. ஒருவர் 108-ஐ அழைக்க, இன்னொருவர் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தத் தொடங்க வேண்டும்.

கேட்கப்படும் கேள்விகள்

வாட்ச் 210 காட்டியது என்பார்கள். மணிக்கட்டு வாட்ச் தோலுக்குள் ஒளி பாய்ச்சி ரத்த ஓட்டத்தைக் கணிக்கிறது. பிள்ளையின் மெல்லிய மணிக்கட்டில் பட்டை தளர்ந்து ஆடினால் கை வீச்சின் தாளத்தை நாடியாக எண்ணிவிடும். நின்றதும் விரலால் எண்ணிப் பார்த்து இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பட்டையை மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, இறுக்கமாகக் கட்டினால் தவறு குறையும். ஆனால் சும்மா இருக்கும்போது விரல் எண்ணிக்கையிலும் 180-க்கு மேல் வந்தால் அது வாட்ச்சின் தவறு அல்ல. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நாடி ஒரே சீராக இல்லை, மூச்சை இழுக்கும்போது வேகமாகவும் விடும்போது மெதுவாகவும் துடிக்கிறது என்று சீட்டு நிரப்பிய அம்மா ஒருவராவது கவலையோடு வருவார். பிள்ளைகளிடம் அது இயல்பு. மூச்சோடு சேர்ந்து மாறுகிறதா என்று மட்டும் பாருங்கள். மூச்சுக்குச் சம்பந்தமில்லாமல் விட்டு விட்டுத் துடித்தால் மருத்துவர் பார்க்கட்டும்.

ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் எடுக்கும் பிள்ளைக்கு, மருந்து எடுத்த சிறிது நேரத்துக்கு நாடி கூடுதலாகவே இருக்கும். அதற்காக மருந்தை விடச் சொல்லக் கூடாது. இவர்களுக்கும், நாடியைக் குறைக்கும் மருந்து சாப்பிடும் பிள்ளைகளுக்கும் 24, 28 என்ற எண்கள் பொருந்தாது. பேச முடிகிறதா என்பதைத்தான் அளவாக வைக்க வேண்டும். மருந்துப் பெயரைச் சீட்டில் கேட்பது இதற்காகத்தான்.

போட்டியில் ஏன் இந்த எல்லை இல்லை என்று யாராவது கேட்டால் அது நல்ல கேள்வி. 14 வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் மிக நீண்ட ஓட்டம் 600 மீட்டர். இரண்டு நிமிடம் சுற்றி முடிந்துவிடும். அந்த இரண்டு நிமிடத்தில் நாடி உச்சத்தைத் தொடுவது தவிர்க்க முடியாதது, ஆரோக்கியமான பிள்ளை அதைத் தாங்கும். 170 என்ற எல்லை நாள்தோறும் பல நிமிடம் தொடரும் பயிற்சிக்கு. அங்கே எல்லையைத் தாண்டி ஓட வைத்தால் இதயம் கெட்டுப்போகாது, ஆனால் பிள்ளை மூன்றாம் நிமிடத்தில் நடக்கத் தொடங்கும், இரண்டாம் வாரம் பயிற்சிக்கே வராது.

சீட்டுகள் திரும்பி வந்ததும் ஓய்வு நாடியை வருகைப் பதிவேட்டில் பெயருக்கு எதிரே பென்சிலால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சோர்வாகத் தெரியும் பிள்ளையை மறுநாள் காலை வீட்டில் எண்ணி வரச் சொல்லி ஒப்பிடலாம். வழக்கத்தைவிடப் பத்துக்கு மேல் கூடியிருந்தால் தூக்கக் குறைவோ வரப்போகும் காய்ச்சலோ இருக்கலாம். அன்று அந்தப் பிள்ளைக்கு நடை மட்டும்.